கடன் அடைந்த ரசீது வேறு, நகை திரும்பிய ரசீது வேறு

வாசகர் கேள்வி

ஐயா, நான் பண்ருட்டி அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். 2025 ஆகஸ்ட் 20 அன்று கடலூரில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில் என் நகைகளை என் பெயரில் அடகு வைத்து 1,80,000 ரூபாய் வாங்கினேன். ஆண்டு வட்டி 14.60 சதவீதம் என்றார்கள். இடையில் வட்டி கட்டவில்லை. முந்திரி விற்ற பணம் வந்துவிட்டதால் ஜூன் 16 அன்று நகையைத் திருப்பிவிடலாம் என்று கேட்டதற்கு, மொத்தம் 2,09,850 ரூபாய் என்று வாயால் சொன்னார்கள். கணக்கை எழுதித் தரக் கேட்டால், பணம் கட்டிய பிறகு கம்ப்யூட்டரில் வரும் என்கிறார்கள். பணம் கட்டும்போதே பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம், நகை மூன்று நாள் கழித்துக் கிடைக்குமாம். நான் கொடுத்தது 34.600 கிராம், அடகுச் சீட்டில் ஓரிடத்தில் 32.150 கிராம் என்று போட்டிருக்கிறது. அந்தச் சீட்டும் மழையில் நனைந்து கிழிந்துவிட்டது, அதன் படம் மட்டும் செல்போனில் இருக்கிறது. என் கொழுந்தனார் அதே கிளையில் வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பதால், அவர் பாக்கி முடியும்வரை ஒரு வளையலைப் பிடித்து வைப்போம் என்கிறார் மேலாளர். நகை வாங்கியதற்கு எழுத்து ரசீது கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், அடுத்த முறை கடன் தர மாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் பயப்படுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

வழக்கறிஞர் பதில்

சகோதரி, நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்பதற்கு இதுதான் சரியான நேரம். அடகு நகை தொடர்பாக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பணத்தையும் கட்டி, கையெழுத்தையும் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நகையை நிறுத்துப் பார்த்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது அவர்கள் கையில் இருப்பது பணம் கட்டிய ரசீது ஒன்றுதான். கடன் அடைந்தது என்பதை அந்த ரசீது நிரூபிக்கும். எந்தெந்த நகை, என்ன எடையில், எந்த நிலையில் திரும்பி வந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. அதற்குத் தனி ரசீது வேண்டும். அதை எப்போது, எப்படிப் பெறுவது என்பதைச் சுற்றியே என் பதில் அமையும்.

உங்கள் வீட்டுக்காரருடைய பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நகைக் கடன் தரும் நிறுவனம் உங்களை நம்பித் தரவில்லை, நகையின் மதிப்பை நம்பித்தான் தருகிறது. கடனை முழுவதும் அடைத்துவிட்டுத் தாள் கேட்டவர் என்பதற்காக அடுத்த முறை உங்களைத் திருப்பி அனுப்புவதில் அவர்களுக்கு எந்த லாபமும் இல்லை. எழுத்து ரசீது கேட்பது சண்டைக்குப் போவதும் அல்ல. நகை வைத்த அன்று உங்களிடம் எத்தனை இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

முதலில் கணக்கு, பிறகு பணம்

உங்கள் கடனுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,80,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 14.60 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி சரியாக 72 ரூபாய். ஆகஸ்ட் 20 முதல் ஜூன் 16 வரை 300 நாள். ஆக வட்டி 21,600 ரூபாய், அசலோடு சேர்த்து 2,01,600 ரூபாய். அவர்கள் சொன்ன தொகை இதைவிட 8,250 ரூபாய் கூடுதல்.

இதைப் பார்த்தவுடன் ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு செய்துவிட வேண்டாம். பல நிதி நிறுவனங்களின் திட்டங்களில் உண்மையான வட்டி விகிதம் அதிகமாகவும், மாதாமாதம் வட்டி கட்டினால் அதில் ஒரு பகுதி தள்ளுபடியாகவும் இருக்கும். கடன் கொடுக்கும்போது தள்ளுபடி போக உள்ள விகிதத்தைத்தான் வாயால் சொல்வார்கள். நீங்கள் இடையில் வட்டியே கட்டவில்லை என்பதால் அந்தத் தள்ளுபடி போயிருக்கலாம். எடுத்துக்காட்டாக, உங்கள் திட்டத்தின் முழு விகிதம் 18.25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 90 ரூபாய், 300 நாளுக்கு 27,000 ரூபாய் ஆகிறது. கூடுதல் தொகையில் 5,400 ரூபாய்க்கு இப்படி விளக்கம் கிடைத்துவிடும். மீதி 2,850 ரூபாய் நோட்டீஸ் செலவு, தாமதக் கட்டணம் போன்ற ஏதாவதாக இருக்கலாம். இது என் ஊகம்தான். சரியான விவரத்தைச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு, அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இதைச் சரிபார்க்க உங்களிடமே ஒரு தாள் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் புதிய தனிநபர் தவணைக் கடன்களுக்கு, வட்டி விகிதம், கட்டணங்கள் எல்லாவற்றையும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் காட்டும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உங்கள் கடன் அதற்குப் பிந்தியது. அந்தத் தாளில் குறிப்பிடாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் சேர்க்க முடியாது. அதேபோல, தாமதத்துக்கு அபராத வட்டி போடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே வசூலிக்கலாம், அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. ஆகவே அந்த 2,850 ரூபாயில் ஒவ்வொரு இனமும் என்ன பெயரில், எந்தத் தேதியில் ஏறியது என்று கேளுங்கள். முக்கிய விவரத் தாள் வீட்டில் இல்லையென்றால் அதன் நகலையும் கிளையிலேயே கேளுங்கள்.

பணம் கட்டிய பிறகுதான் கம்ப்யூட்டரில் கணக்கு வரும் என்பது சரியல்ல. தொகையை அவர்கள் உங்களுக்குச் சொன்னதே அந்தக் கணினியைப் பார்த்துத்தானே. கடன் எண், அசல், வட்டி விகிதம், நாட்கள், கட்டணங்கள், எந்தத் தேதிவரை இந்தத் தொகை செல்லும் என்ற விவரங்களோடு முடிப்புத் தொகைக் கணக்கு என்று கேட்டால் அச்செடுத்துத் தர முடியும். அச்சு எந்திரம் வேலை செய்யவில்லை என்றால் நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து அனுப்பட்டும், அல்லது கையால் எழுதிக் கிளை முத்திரையோடு தரட்டும். நீங்கள் போகும் நாள் தள்ளிப்போனால் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டாம். இவ்வளவு பெரிய தொகையை ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. உங்களுக்கும் அது பாதுகாப்பல்ல. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து, நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு, கடன் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். கிளையில் யாராவது தன் சொந்தச் செல்போன் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், அவர் மேலாளராகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அப்படி அனுப்பிய பணம் கடன் கணக்கில் ஏறாமல் போனால், அதை நிறுவனத்துக்குக் கட்டிய பணம் என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

34.600 கிராமும் 32.150 கிராமும்

சீட்டிலுள்ள இரண்டு எடைகளைப் பார்த்து இரண்டரை கிராம் தங்கத்தைக் குறைத்துவிட்டார்களோ என்று நீங்கள் கலங்குவது புரிகிறது. நீங்கள் சீட்டின் படத்தை இணைத்திருந்ததால் அதைப் படித்துப் பார்த்தேன். சங்கிலி 16.050, இரண்டு வளையல் 12.300, கல் வைத்த ஜிமிக்கி ஒரு ஜோடி 4.650, கல் மோதிரம் 1.600 கிராம். கூட்டினால் 34.600. இது மொத்த எடை. ஜிமிக்கியிலும் மோதிரத்திலும் உள்ள கல், அரக்கு ஆகியவற்றுக்கும் அழுக்குக்கும் 2.450 கிராம் கழித்து, மீதியுள்ள 32.150 கிராமைத் தங்கமாகக் கணக்கிட்டு அதன்மேல்தான் கடன் கொடுத்திருக்கிறார்கள். இது நிகர எடை. இப்படிக் கழிப்பது நடைமுறைதான். உங்கள் நகையிலிருந்து இதனால் எதுவும் குறைந்துவிடவில்லை.

ஆனால் இதே இரண்டு எடைகளால் திருப்பும் நாளில் ஒரு தவறு நேரலாம். நகையைத் தராசில் வைத்து 32 கிராம் சொச்சம் காட்டிவிட்டு, சீட்டில் உள்ளபடி சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. கல்லோடும் அரக்கோடும் நிறுக்கும்போது வர வேண்டியது 34.600. மொத்த எடையை மொத்த எடையோடுதான் ஒப்பிட வேண்டும். அதையும் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து நிறுக்காமல், ஒவ்வொரு நகையாக வைத்துப் பாருங்கள். தராசுக்குத் தராசு சில மில்லிகிராம் வேறுபடுவது இயல்பு. அரை கிராம் வேறுபட்டால் அது தராசின் வேறுபாடு அல்ல.

எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. ஜிமிக்கியின் திருகாணி இரண்டும் இருக்கிறதா, அவை உங்களுடையவைதானா, கல் எதுவும் உதிர்ந்திருக்கிறதா, சங்கிலியின் கொக்கி சரியாகப் பூட்டுகிறதா, வளையலில் வெட்டோ வளைவோ இருக்கிறதா என்று பாருங்கள். உரைகல்லில் தேய்த்த சிறு தடம் இருந்தால் அது மதிப்பிட்டபோது ஏற்பட்டதாக இருக்கலாம், அதை விட்டுவிடலாம். சங்கிலியை 2023 ஏப்ரலுக்குப் பிறகு ஹால்மார்க் முத்திரையோடு வாங்கியிருந்தால், அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான கடைகள் அதை ரசீதிலும் குறிப்பிடும். கடை ரசீதை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குறியீட்டை ஒப்பிட்டால் உங்கள் சங்கிலிதான் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். வீட்டுப் பழைய வளையலுக்கு அந்த வசதி இல்லை. அதற்குக் கல்யாணப் புகைப்படம் உதவும், அடகு வைத்த அன்று நிறுவனம் எடுத்த நகைப் படம் இருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள்.

கையெழுத்து எப்போது

நகைகளை நிறுவனம் முத்திரையிட்ட உறையில் வைத்திருக்கும். உறையைப் பிரிப்பதற்கு முன் வாங்கி, மேலே உள்ள கடன் எண், உங்கள் பெயர், முத்திரை ஒட்டிய இடம் ஆகியவற்றைப் பாருங்கள். கிழிந்து மறுபடி ஒட்டியதுபோல் இருந்தால் அங்கேயே நிறுத்தி, உறையைப் பிரிக்கும் முன் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். தணிக்கைக்காகப் பிரித்து மறுமுத்திரை இட்டோம் என்பார்கள். தணிக்கை நடப்பது உண்மைதான். அப்படியானால் அதற்கான தேதியும் கையொப்பமும் உறையின் மேல் இருக்க வேண்டும்.

உங்கள் முன்னிலையில் பிரித்து, நிறுத்து, பார்த்து முடித்த பிறகுதான் “நகைகளைப் பெற்றுக்கொண்டேன்” என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பணம் கட்டும்போதே பதிவேட்டில் கையெழுத்து, நகை மூன்று நாள் கழித்து என்பதற்கு எக்காரணம் கொண்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிவேட்டில் அச்சிட்டிருக்கும் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். “எல்லா நகைகளையும் நல்ல நிலையில், சரியான எடையில் பெற்றுக்கொண்டேன், எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற பொருளில்தான் பெரும்பாலும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டபின் நகை குறைந்தால் வழக்கே போட முடியாது என்பதல்ல. ஆனால் அந்த வாசகம் உண்மையல்ல என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழுந்துவிடும். பணம் கட்டியதற்கு மட்டும் கையெழுத்துத் தேவையென்றால், அதன் பக்கத்திலேயே “பணம் செலுத்தியதற்கு மட்டும். நகைகள் இன்னும் பெறவில்லை” என்று உங்கள் கையால் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நகையைப் பெறும்போது கேட்க வேண்டிய ரசீது நீளமாக இருக்கத் தேவையில்லை. அவர்களிடம் அச்சிட்ட படிவம் இல்லை என்றால் கீழுள்ளதை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு, இரண்டிலும் இரு தரப்புக் கையெழுத்தும் கிளை முத்திரையும் வேண்டும்.

“கடன் எண் ........ இன் கீழ் 20.08.2025 அன்று அடகு வைக்கப்பட்ட சங்கிலி ஒன்று, வளையல் இரண்டு, கல் ஜிமிக்கி ஒரு ஜோடி, கல் மோதிரம் ஒன்று ஆகிய நகைகள், கடன் தொகை ரூபாய் ........ முழுவதும் செலுத்தப்பட்டதால், இன்று ........ தேதி ........ மணிக்குக் கடன்தாரர் முன்னிலையில் உறை பிரித்து நிறுக்கப்பட்டு, மொத்த எடை ........ கிராம் என்று சரிபார்க்கப்பட்டு, அவரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. இக்கடனில் பாக்கி ஏதும் இல்லை.”

எடை இடத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். தராசு காட்டுவதைப் பார்த்து அங்கே எழுதுங்கள். ஏதாவது குறை தெரிந்தால் நகையை வாங்க மறுத்துவிட்டு வரத் தேவையில்லை. குறையை அந்த ரசீதிலேயே, “ஜிமிக்கியில் ஒரு திருகாணி இல்லை” என்பதுபோல் குறிப்பாக எழுதி, அதன் பிறகு கையெழுத்திட்டு நகையைப் பெற்றுக்கொள்ளலாம். நகை உங்கள் கைக்கு வந்துவிடும், குறையும் பதிவாகிவிடும். எழுதவே விடமாட்டோம் என்றால் கையெழுத்திடாமல் வெளியே வந்து, அன்றே மின்னஞ்சலில் நடந்ததை எழுதி அனுப்புங்கள். கடன் உங்கள் பெயரில் இருப்பதால் நீங்களே அடையாள அட்டையோடு போவது நல்லது. வீட்டுக்காரரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு காலையிலேயே போனால் நிதானமாகப் பார்த்து வாங்க நேரம் இருக்கும்.

மூன்று நாள் என்பது சரியா

பணம் கட்டுவதற்கு முன்பே, நகை உறை இந்தக் கிளையின் பெட்டகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அன்றே தருவதில் பெரிய தடை இருக்க முடியாது. பெட்டகத்தின் இரண்டு சாவிகளும் இரண்டு ஊழியர்களிடம் இருக்கும், ஒருவர் விடுப்பில் போயிருந்தால் ஒரு நாள் தள்ளலாம். வேறு இடத்தில் இருக்கிறது என்றால், அது வந்து சேர்ந்த பிறகு பணம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். சிறு அடகுக் கடைகள் சில, வாடிக்கையாளர் நகையைப் பெரிய இடத்தில் மறு அடகு வைத்துவிட்டு, இவர் பணம் கட்டிய பிறகு அதை மீட்டுத் தருவதும் உண்டு. “மூன்று நாள் கழித்து வாருங்கள்” என்ற சொல்லைக் கேட்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி தங்கம், வெள்ளி அடகுக் கடன்களுக்கான புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. கடன் முழுவதும் அடைந்த அன்றே, அல்லது அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தாமதத்துக்கு நிறுவனமே காரணமானால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. திருப்பும்போது, அடகு வைத்த அன்று தந்த சான்றில் உள்ள விவரங்களோடு ஒப்பிட்டு, கடன்தாரர் திருப்தியடையும்படி சரிபார்த்துத் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. நகையை மறு அடகு வைத்து நிறுவனம் கடன் வாங்குவதையும் அது தடை செய்கிறது.

இங்கே உங்களை நான் எச்சரிக்க வேண்டும். இந்த நெறிமுறைகளை நிறுவனங்கள் விரைவில், கடைசியாக 2026 ஏப்ரல் 1 க்குள் நடைமுறைப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு நிறுவனம் நடைமுறைப்படுத்திய நாளுக்கு முன் கொடுத்த கடன்களுக்குப் பழைய விதிகளே தொடரும். உங்கள் கடன் 2025 ஆகஸ்டைச் சேர்ந்தது. ஆகவே 5,000 ரூபாய் இழப்பீடு எனக்கு உறுதியாகக் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு போய் நிற்காதீர்கள். இடையில் கடனைப் புதுப்பித்திருந்தால் புதுப்பித்த தேதியைக் கொண்டு பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி இல்லை.

இதனால் நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அடகு என்பது ஒரு பொருளைக் கடனுக்குப் பிணையாக ஒப்படைப்பது. எந்த நோக்கத்துக்காக ஒப்படைத்தோமோ அது நிறைவேறியவுடன், கேட்காமலேயே பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் 160 ஆம் பிரிவு. உரிய நேரத்தில் தராமல், அதன்பின் பொருளுக்கு இழப்போ சேதமோ ஏற்பட்டால் வைத்திருப்பவரே பொறுப்பு என்பது 161 ஆம் பிரிவு. கடன் எந்த ஆண்டில் வாங்கியதானாலும் இவை பொருந்தும்.

கொழுந்தனார் கடனுக்கு வளையல்

அதே ஒப்பந்தச் சட்டத்தின் 174 ஆம் பிரிவின்படி, ஒரு கடனுக்காக அடகு வைத்த பொருளை, அதற்கென ஒப்பந்தம் இல்லாமல், வேறொரு கடனுக்காகப் பிடித்து வைக்க முடியாது. வங்கிகளுக்கு 171 ஆம் பிரிவில் இதைவிட விரிந்த உரிமை உண்டு. அதனால் வங்கியில் நகை வைத்தவர்களுக்கு நான் சொல்லும் பதில் வேறாக இருக்கும். உங்களுடையது நிதி நிறுவனம். ஆகவே எல்லாம் நீங்கள் கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. “கடன்தாரர் நிறுவனத்துக்குத் தர வேண்டிய வேறு எந்தத் தொகைக்கும், ஜாமீன்தாரராகத் தர வேண்டிய தொகைக்கும் இந்த நகை பிணையாகும்” என்ற பொருளில் ஒரு வரி சில ஒப்பந்தங்களில் இருக்கும். அது இருந்தால் மேலாளர் சொல்வதில் ஓரளவு பலம் உண்டு என்பதை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும்.

அப்போதும், கொழுந்தனார் தவணை தவறியிருக்கிறாரா, உங்களிடம் ஜாமீன்தாரர் என்ற முறையில் எழுத்தில் பணம் கேட்டிருக்கிறார்களா என்ற கேள்விகள் இருக்கின்றன. அவர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்போது, நாளை தவறலாம் என்ற அச்சத்துக்காக உங்கள் வளையலை வைத்துக்கொள்வது வலுவான வாதமாக எனக்குத் தெரியவில்லை. எந்த ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி, எவ்வளவு பாக்கிக்காக எந்த நகையைப் பிடித்து வைக்கிறீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் மிரட்டுவதை எழுத்தில் கொடுக்கத் தயங்குவார்கள். பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள், கட்டிய பின் கேட்டால் உங்கள் கை தாழ்ந்துவிடும்.

கிழிந்த சீட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிறுவனத்திடம் அதன் பிரதி இருக்கிறது, நகை உங்களுடையது என்பது சீட்டால் மட்டும் தீர்மானமாவதும் இல்லை. சீட்டு சிதைந்துவிட்டது என்று ஒரு கடிதம், அடையாள அட்டை நகல், பின்னால் வேறு யாராவது அந்தச் சீட்டோடு வந்தால் நான் பொறுப்பு என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், அது நியாயமான கோரிக்கைதான். கிழிந்த துண்டுகள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள், செல்போன் படத்தை அச்செடுத்து இணையுங்கள்.

தர மறுத்தால்

மேலே சொன்ன கோரிக்கைகளை, அதாவது முடிப்புத் தொகைக் கணக்கு, நகை திரும்பும் தேதி, நிறுத்துச் சரிபார்த்த ரசீது ஆகிய மூன்றையும், ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் ஒப்புகையோடு கிளைக்கும் தலைமை அலுவலகத்தின் குறைதீர் அதிகாரிக்கும் அனுப்புங்கள். அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் கிளையில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான பிரச்சினைகள் இந்தக் கடிதத்தோடு தீர்ந்துவிடுகின்றன.

முப்பது நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறை கேட்கலாம். நிறுவனத்துக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள் என்பதால்தான் அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன். எல்லா நிதி நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள் வருவதில்லை. சிறிய நிறுவனமாக இருந்தால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அங்கே புகார் செய்ய வேண்டும், நீங்களே வாதிடலாம். நகையை மாற்றிவிட்டார்கள், அல்லது இல்லை என்கிறார்கள் என்ற நிலை வந்தால் மட்டும் அது குற்றவியல் விவகாரமாகும். அப்போது தாமதிக்காமல் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் ஒரு வேலை மட்டும் மீதி இருக்கும். கடன் முடிந்த ஒரு மாதம் கழித்து, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் தரும் உங்கள் கடன் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை அது இலவசம். இந்தக் கடன் முடிந்ததாகக் காட்டவில்லை என்றால் பாக்கி இல்லை என்ற ரசீதின் நகலோடு கடன் தகவல் நிறுவனத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் எழுதுங்கள். முப்பது நாளுக்குள் திருத்தாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. அதே அறிக்கையில் நீங்கள் ஜாமீன் போட்ட கொழுந்தனார் கடன் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரியலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.